மாதிரி அளவு: 63 பேர் எப்போது 252 பேர் ஆகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டால், பதிலுக்கு நான்கு கேள்வி கேட்கிறார்கள். நேராக ஓர் எண்ணைச் சொல்லக் கூடாதா?

ஆய்வுத் திட்டங்களைப் பார்த்துக் கொடுக்கும் வேலையில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். இதைத் தொடர்ந்து வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வரும். அதனால் அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அந்த நான்கு கேள்விகள் இவை. இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் ஆபத்தை எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்வீர்கள்? இது மிகைகாண் மட்டம்; ஆல்ஃபா என்றும் சொல்வோம். உண்மையிலேயே இருக்கும் வேறுபாட்டைத் தவறவிடாமல் பிடிக்க எவ்வளவு வாய்ப்பு வேண்டும்? இது சோதனையின் திறன். எவ்வளவு பெரிய வேறுபாட்டைப் பிடிக்க விரும்புகிறீர்கள்? இது விளைவின் அளவு. அளக்கப்போகும் ஆட்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு மாறுபடுகிறார்கள்? இது சிதறல், திட்டவிலக்கத்தால் அளக்கிறோம். இந்த நான்கும் தெரிந்தால் எண் தானாக வந்துவிடும். ஒன்று தெரியாவிட்டாலும் யார் சொல்லும் எண்ணும் ஊகம்தான்.

30 பேர் இருந்தால் போதும் என்று பாடத்தில் படித்தேனே?

அது வேறொரு கேள்விக்கான பதில். பரவல் இயல்நிலைப் பரவலாக இல்லாவிட்டாலும், மாதிரி ஓரளவு பெரிதாக இருந்தால் சராசரிகளின் பரவல் அதை நெருங்கும் என்பதற்குச் சொல்லப்படும் தோராயமான எண் 30. உங்கள் ஆய்வு தேடும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க 30 பேர் போதுமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. சில ஆய்வுகளுக்கு 30 தேவைக்கு அதிகம், சிலவற்றுக்கு 3,000 கூடப் போதாது.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்ட முடியுமா?

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். புதிய மருந்து ஒன்று இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைக் குறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொரு குழுவுக்குப் போலி மருந்து. இரண்டு சராசரிகளுக்கும் இடையே 5 மி.மீ. (பாதரசம்) வேறுபாடு இருந்தால் அதைத் தவறவிடக் கூடாது. ஒரு குழுவுக்குள் ஆட்களிடையே திட்டவிலக்கம் 10 மி.மீ. ஆல்ஃபா 0.05, இருபக்கச் சோதனை. திறன் 80 சதவீதம்.

ஆல்ஃபா 0.05 என்பதற்கு இயல்நிலை அட்டவணை தரும் எண் 1.96. திறன் 80 சதவீதத்துக்கு 0.84. ஒரு குழுவுக்குத் தேவையான எண்ணிக்கை இப்படி வரும்:

```
n = 2 × (1.96 + 0.84)² × (10 ÷ 5)²
  = 2 × 7.84 × 4
  = 62.7  →  63
```

பின்னத்தை எப்போதும் மேல்நோக்கித்தான் முழு எண்ணாக்க வேண்டும். ஆர் மென்பொருளில் கீழ்க்கண்ட வரியை இட்டால் 63.77 என்று வரும், அதாவது 64 பேர். திட்டவிலக்கத்தையும் தரவிலிருந்தே மதிப்பிட வேண்டியிருப்பதால் அது டி-பரவலைப் பயன்படுத்துகிறது. அந்த ஒரு ஆள் அதற்கான கூடுதல்.

```
power.t.test(delta = 5, sd = 10, power = 0.80)
```

இரு குழுவும் சேர்த்து 128 பேர். இனி வரும் எண்கள் எல்லாம் ஒரு குழுவுக்கானவை, மேலே போட்ட சூத்திரத்தில் 1.96, 0.84 போன்ற அட்டவணை எண்களை இரண்டு தசமத்தோடு நிறுத்தாமல் முழுதாக இட்டு வந்தவை. மென்பொருள் ஒன்றிரண்டு பேரைக் கூட்டித் தரலாம்.

ஆல்ஃபாவைக் குறைத்தால் ஏன் அதிகம் பேர் தேவைப்படுகிறார்கள்?

64 பேர் கொண்ட குழுக்களை அருகில் வைத்துப் பார்ப்போம். இரு சராசரிகளின் வேறுபாட்டுக்கான திட்டப்பிழை 10 × √(2 ÷ 64), அதாவது ஏறத்தாழ 1.77 மி.மீ. மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் வெறும் தற்செயலால் வேறுபாடு இந்த அளவுக்கு இங்கும் அங்கும் ஆடும். ஆல்ஃபா 0.05 என்றால், 1.96 × 1.77 = 3.46 மி.மீ. என்ற இடத்தில் ஒரு வேலி போடுகிறோம். கண்ட வேறுபாடு அந்த வேலியைத் தாண்டினால்தான் மருந்து வேலை செய்கிறது என்று சொல்வோம். உண்மையான வேறுபாடு 5 மி.மீ. என்றால், ஆய்வில் கிடைக்கும் எண் 5-ஐச் சுற்றி ஆடும். நூற்றுக்கு எண்பது முறை 3.46-க்கு மேலே விழும்.

இப்போது ஆல்ஃபாவை 0.01 ஆக்குங்கள். வேலி 4.55 மி.மீ.க்கு நகர்கிறது. 5-ஐச் சுற்றி ஆடும் எண் அதைத் தாண்டும் வாய்ப்பு 60 சதவீதமாகச் சரிகிறது. மருந்தும் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை. வேலி மட்டும் தள்ளிப் போனதால் திறன் போயிற்று. இழந்த திறனை மீட்க ஒரே வழி, ஆட்டத்தைக் குறைப்பது, அதாவது ஆட்களைக் கூட்டுவது. கணக்கில் 63 என்பது 94 ஆகிறது.

ஆல்ஃபாவும் திறனும் ஒன்றையே இரண்டு விதமாகச் சொல்வது போலத் தெரிகிறதே?

இரண்டும் இரு வேறு உலகங்களைப் பற்றியவை. மருந்துக்குப் பலனே இல்லாத உலகில் நாம் எத்தனை முறை ஏமாறுவோம் என்பது ஆல்ஃபா. மருந்துக்கு 5 மி.மீ. பலன் இருக்கும் உலகில் எத்தனை முறை அதைக் கண்டுகொள்வோம் என்பது திறன். முந்தைய பதிலின் வேலியை நினைவில் வையுங்கள்: வேறுபாடு பூச்சியமாக இருந்தும் வேலியைத் தாண்டுவது ஆல்ஃபா, வேறுபாடு 5 ஆக இருந்து வேலியைத் தாண்டுவது திறன்.

80 சதவீதத் திறன் என்றால், நல்ல மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நடத்தும் ஐந்து ஆய்வுகளில் ஒன்று வெறுங்கையோடு திரும்பும் என்று பொருள். பலர் இதைக் கவனிக்காமலே எண்பதை எழுதிவிடுகிறார்கள். ஐந்தில் ஒன்று என்பது உங்களுக்கு அதிகமாகப் பட்டால் 90 சதவீதம் கேளுங்கள்: 0.84-க்குப் பதில் 1.28 வரும், எண்ணிக்கை 85 ஆகும். தவறவிடும் ஆபத்து பாதியாகக் குறைகிறது, ஆட்களோ மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறார்கள். எனக்கு இது பெரும்பாலும் நல்ல பேரமாகவே தெரிகிறது.

சின்ன விளைவுக்கு எதற்கு அதிகம் பேர்? பெரிய விளைவைக் காட்டத்தானே நிறையப் பேர் வேண்டும்?

இந்தத் தலைப்பில் மிகப் பரவலான குழப்பம் இதுதான். மெல்லிய குரலைக் கேட்க அறையில் அமைதி வேண்டும். உரத்த குரல் இரைச்சலிலும் கேட்டுவிடும். ஆட்களைக் கூட்டுவது இரைச்சலை அடக்கும் வேலை. தேடும் வேறுபாடு எவ்வளவு சிறிதோ, அவ்வளவு இரைச்சலை அடக்க வேண்டும்.

எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. திட்டப்பிழை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறையும். ஆட்டத்தைப் பாதியாக்க வேண்டுமானால் ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும். ஆகவே 5 மி.மீ.க்குப் பதில் 2.5 மி.மீ. வேறுபாட்டைப் பிடிக்க விரும்பினால் 63 என்பது 252 ஆகிறது. 10 மி.மீ. போதும் என்றால் 16 பேர்.

அப்படியானால் நான்கில் எது அதிகம் இழுக்கிறது?

விளைவும் சிதறலும்தான். சூத்திரத்தைத் திரும்பப் பாருங்கள். ஆல்ஃபாவும் திறனும் அட்டவணை எண்கள் வழியாக உள்ளே வருகின்றன. அந்த எண்கள் மெதுவாகத்தான் வளரும். சிதறலை விளைவால் வகுத்த ஈவோ வர்க்கமாகி நேரே பெருக்குகிறது.

இதை ஒரு கடைக்கோடி உதாரணத்தால் காட்டலாம். மரபணுத் தொகுதி முழுவதையும் அலசும் ஆய்வுகளில் லட்சக்கணக்கான இடங்களை ஒரே நேரத்தில் சோதிப்பதால், ஆல்ஃபாவை 0.00000005 என்று வைப்பது வழக்கம். அது 0.05-இல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நம் இரத்த அழுத்தக் கணக்கில் அந்த ஆல்ஃபாவைப் போட்டால் எண்ணிக்கை 63-இலிருந்து ஏறத்தாழ 317-க்குப் போகிறது, ஐந்து மடங்கு. ஆல்ஃபாவைத் தொடாமல், தேடும் வேறுபாட்டை 5-இலிருந்து 2.23 மி.மீ.க்கு இறக்கினாலும் அதே ஐந்து மடங்குதான். பத்து லட்சம் மடங்கு கண்டிப்பும், பாதிக்குச் சற்றுக் கூடுதலான ஒரு குறைப்பும் ஒரே விலை. ஆல்ஃபா 0.05-ஆ 0.01-ஆ என்று மணிக்கணக்கில் விவாதித்துவிட்டு, 5 மி.மீ. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்காமல் எழுந்து போகும் கூட்டங்கள் எனக்கு வருத்தம் தருகின்றன. விவாதம் நடக்க வேண்டிய இடம் அதுதான்.

சரி, அந்த 5 மி.மீ.யை எங்கிருந்து எடுப்பது? ‘நடுத்தர விளைவு 0.5’ என்று போடலாமா?

0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்ற அளவுகள் ஜேக்கப் கோஹன் முன்வைத்தவை. வேறுபாட்டைத் திட்டவிலக்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் அது. நம் உதாரணத்திலும் 5 ÷ 10 = 0.5 தான். ஆனால் 0.5-இலிருந்து தொடங்கினால் எந்தத் தலைப்பில் ஆய்வு செய்தாலும் 63 என்றே விடை வரும். உங்கள் ஆய்வைப் பற்றி எதுவுமே அதில் இருக்காது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் பயன்படுத்த வேண்டிய அளவுகள் அவை.

சரியான தொடக்கம் துறையறிவு. இதைவிடச் சிறிய வேறுபாடு என்றால் யாருடைய முடிவும் மாறாது என்று சொல்லக்கூடிய எல்லை எது? மருந்து 1 மி.மீ. குறைக்கிறது என்று தெரிந்தால் மருத்துவர் அதை எழுதித் தருவாரா? 3 என்றால்? 5 என்றால்? அப்படிப் படிப்படியாகக் கேட்டு, மனம் மாறும் இடத்தில் நிறுத்துங்கள். முந்தைய ஆய்வு ஒன்று 8 மி.மீ. கண்டது என்பதற்காக 8-ஐப் போடாதீர்கள். ஏன் என்பதைக் கடைசிக்கு முந்தைய கேள்வியில் சொல்கிறேன்.

சிதறல் என் கையில் இல்லையே? ஆட்கள் எப்படி இருக்கிறார்களோ அப்படித்தானே?

ஒரு பகுதிதான் அப்படி. அளக்கும் விதத்தால் வரும் சிதறல் உங்கள் கையில் இருக்கிறது. வந்தவுடன் மூச்சிரைக்க உட்காரவைத்து ஒரே ஒரு முறை அளந்தால் திட்டவிலக்கம் பெருகும். ஐந்து நிமிடம் அமரவைத்து, சரியான அளவுள்ள கைப்பட்டை கட்டி, இரண்டு மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் குறையும். திட்டவிலக்கம் 10-இலிருந்து 14 ஆனால் 63 என்பது 124 ஆகிறது, ஏறக்குறைய இரட்டிப்பு. அளவையைச் சீராக்குவது ஆள் சேர்ப்பதைவிட மலிவு என்பதை இந்த எண்ணை வைத்துத்தான் நான் விளக்குவது வழக்கம்.

இன்னொரு வழி, தொடக்க அளவைப் பகுப்பாய்வில் சேர்ப்பது. மருந்து கொடுக்கும் முன் ஒவ்வொருவருக்கும் இருந்த அழுத்தத்தை அளந்து, அதை இணைமாறியாகக் கொண்டு பகுத்தால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.7 ஆக இருக்கும்போது தேவை 1 − 0.7² = 0.51 மடங்காகிறது. 63 என்பது 33 ஆகிவிடும். ‘முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தாலே போதாதா’ என்று உடனே கேட்பார்கள். ஒட்டுறவு 0.5-க்குக் கீழே இருந்தால் அப்படிக் கழிப்பது சிதறலைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடும். இணைமாறியாகச் சேர்ப்பதில் அந்த ஆபத்து இல்லை.

ஒரே மாதிரியான ஆட்களை மட்டும் சேர்த்தும் சிதறலைக் குறைக்கலாம். ஆனால் முடிவும் அவர்களைப் போன்றவர்களுக்குத்தான் பொருந்தும்.

திட்டவிலக்கத்தை ஒரு கட்டுரையிலிருந்து எடுத்தேன். ஒரு குழுவுக்கு 3 பேர் போதும் என்று வருகிறது. சந்தோஷப்படலாமா?

வேண்டாம். நீங்கள் எடுத்தது பெரும்பாலும் திட்டப்பிழையாக இருக்கும். கட்டுரைகளில் ± குறிக்குப் பின்னால் வருவது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். 25 பேர் கொண்ட குழுவில் ‘± 2’ என்று இருந்து அது திட்டப்பிழை என்றால், திட்டவிலக்கம் 2 × √25 = 10. அந்த 2-ஐ அப்படியே சூத்திரத்தில் போட்டால் சரியாக 3 பேர்தான் வரும். அட்டவணையின் அடிக்குறிப்பைப் படியுங்கள். அங்கும் சொல்லவில்லை என்றால் இப்படி யோசியுங்கள்: திட்டவிலக்கம் 2 மி.மீ. என்றால் ஏறக்குறைய எல்லோரும் சராசரிக்கு 4 மி.மீ. மேலே கீழே அடங்கிவிட வேண்டும். மனிதர்களின் இரத்த அழுத்தம் அப்படி இருப்பதில்லை.

நானே 10 பேரிடம் முன்னோட்ட ஆய்வு செய்து திட்டவிலக்கம் 10 என்று கண்டேன். அதை நம்பலாமா?

10 பேரிடம் கண்ட திட்டவிலக்கம் மிகவும் தளர்வான மதிப்பீடு. அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 7 முதல் 18 வரை நீளும். 7 என்றால் 31 பேர் போதும், 18 என்றால் 204 பேர் வேண்டும். முன்னோட்ட ஆய்வு நடைமுறைச் சிக்கல்களைக் கண்டறிய மிகவும் உதவும். திட்டவிலக்கத்துக்கு, ஒத்த ஆட்களிடம் நடந்த பெரிய ஆய்வுகள் இரண்டு மூன்றைப் பார்ப்பது நல்லது. அவற்றில் சற்றுப் பெரிய மதிப்பை எடுங்கள். குறைத்து எடுத்தால் என்ன ஆகும்? 10 என்று நம்பி 64 பேரைச் சேர்த்து, உண்மையில் அது 14 ஆக இருந்தால், 80 சதவீதம் என்று நினைத்த திறன் 52 சதவீதம்தான். நாணயம் சுண்டுவதற்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை.

ஒருபக்கச் சோதனை என்று எழுதினால் ஆட்கள் குறைகிறார்களே, அப்படிச் செய்யலாமா?

குறைவது உண்மைதான். 1.96-க்குப் பதில் 1.645 வரும், 63 என்பது 50 ஆகும். ஆனால் மருந்து அழுத்தத்தைக் கூட்டிவிட்டால் அதைக் கண்டும் ‘பலனில்லை’ என்று மட்டுமே சொல்வேன் என்ற உறுதிமொழி அதில் அடங்கியிருக்கிறது. மருந்து ஆய்வில் அப்படிச் சொல்ல முடியாது. ஆட்களைக் குறைப்பது மட்டுமே காரணம் என்றால் வேண்டாம்.

20 சதவீதம் பேர் பாதியில் விலகுவார்கள் என்று 64-உடன் 20 சதவீதம் கூட்டி 77 என்று எழுதினேன். சரிதானே?

குறைகிறது. 77 பேரில் 20 சதவீதம் போனால் ஏறத்தாழ 62 பேர்தான் மிஞ்சுவார்கள். கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும்: 64 ÷ 0.8 = 80.

எனக்கு ஒரு குழுவுக்கு 40 பேருக்கு மேல் கிடைக்க மாட்டார்கள். என்ன செய்வது?

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 40 பேரை வைத்து 80 சதவீதத் திறனோடு பிடிக்கக்கூடிய மிகச் சிறிய வேறுபாடு ஏறத்தாழ 6.3 மி.மீ. உங்கள் துறையில் 6.3 பயனுள்ள எல்லைதானா என்று பாருங்கள். 5 தான் எல்லை என்றால், 40 பேரோடு திறன் 60 சதவீதம். பிறகு தொடக்க அளவைச் சேர்ப்பது, அளவையைச் சீராக்குவது என்று சிதறல் பற்றிய பதிலில் சொன்ன வழிகளைப் பாருங்கள். பலருக்கு அங்கேயே பற்றாக்குறை தீர்ந்திருக்கிறது.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. 40 வரும்வரை விளைவைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, கடைசியில் ‘6.3 மி.மீ. எதிர்பார்க்கப்படுகிறது’ என்று எழுதுவது. எதிர்பார்ப்பு மாறியதற்குக் காரணம் மருந்து அல்ல, பட்ஜெட். 40 பேர்தான் கிடைப்பார்கள் என்று நேராக எழுதி, அதனால் எதைப் பிடிக்க முடியும், எதை முடியாது என்று சொல்வது எவ்வளவோ மேல்.

சின்ன ஆய்விலேயே வேறுபாடு உறுதியாகிவிட்டால், விளைவு அவ்வளவு வலுவானது என்றுதானே பொருள்?

அப்படித் தோன்றும், ஆனால் நடப்பது வேறு. உண்மையான வேறுபாடு 5 மி.மீ., ஒரு குழுவுக்கு 16 பேர் என்று வையுங்கள். திட்டப்பிழை 3.54, வேலி 6.93 மி.மீ. உண்மையான மதிப்பான 5 இந்த வேலிக்குள்ளேயே நிற்கிறது. பத்தில் மூன்று ஆய்வுகள்தான் தாண்டும். தாண்டிய ஒவ்வொன்றும் 7 மி.மீ. அல்லது அதற்கு மேலே அறிவித்திருக்கும், ஏனென்றால் அதற்குக் குறைவாகக் கண்டிருந்தால் தாண்டியே இருக்காது. தாண்டாதவை பல நேரம் வெளிவருவதும் இல்லை.

முந்தைய சிறிய ஆய்வு கண்ட 8 மி.மீ.யை உங்கள் கணக்கில் போடாதீர்கள் என்று சொன்னது இதனால்தான். 8 போட்டால் 25 பேர் போதும் என்று வரும். உண்மை 5 ஆக இருந்தால் உங்கள் ஆய்வும் அதே பொறியில் விழும்.

ஆய்வு முடிந்துவிட்டது, பி-மதிப்பு 0.20. கண்ட வேறுபாட்டை வைத்துத் திறனைக் கணக்கிட்டுத் தரச் சொல்கிறார் மதிப்பாய்வாளர். எப்படிச் செய்வது?

செய்யலாம், ஆனால் அதில் புதிய செய்தி எதுவும் இராது. கண்ட வேறுபாட்டிலிருந்து பெறும் திறன், பி-மதிப்பையே வேறு உருவில் எழுதுவது. பி-மதிப்பு மிகச் சரியாக 0.05 என்றால் அந்தத் திறன் எப்போதும் ஏறத்தாழ 50 சதவீதமாகவே வரும், 0.05-க்கு மேலே இருந்தால் அதைவிடக் குறைவாகத்தான் வரும். ‘திறன் குறைவு, அதனால்தான் பிடிபடவில்லை’ என்று எல்லாத் தோல்விக்கும் ஒரே காரணத்தை அது சொல்லித் தரும்.

அதற்குப் பதில் வேறுபாட்டின் நம்பிக்கை இடைவெளியைக் கொடுங்கள். அது −1 முதல் 4 வரை என்றால், நாம் முதலில் முக்கியம் என்று வைத்த 5 மி.மீ. இடைவெளிக்கு வெளியே நிற்கிறது. அந்த அளவு பலன் இருக்க வாய்ப்பு குறைவு என்று சொல்லலாம். −3 முதல் 12 வரை என்றால் 5-உம் உள்ளே இருக்கிறது, பூச்சியமும் உள்ளே இருக்கிறது. ஆய்வு இரண்டில் எதையும் தீர்க்கவில்லை. மதிப்பாய்வாளருக்கு இதையே பணிவாக எழுதி, திட்டமிடும்போது போட்ட கணக்கையும் உடன் இணைத்து அனுப்புங்கள்.